பஸால் மாமாட பை

கல்யாணம் முடிச்சி இறக்காமத்திலிருந்து கல்முனைக்கு வந்த மாப்பிள நான். எங்கட வழக்கப்படி பொண்டாட்டி வீட்டிலதான் குடியிருக்கணும், சரி. ஆனா வடையும் பொண்டாட்டி வீட்டு ஆக்கள்ட கடையிலதான் திங்கணும் எண்டு எந்த நிக்காஹ்ல சொன்னாங்க?

மாமி சுபைறாட தம்பி பஸால் மாமா மார்க்கெட் றோட்டில வண்டிக்கடை வெச்சிரிக்கார். பகல் பொரிச்ச வடை பின்நேரம் அசர் தொழுகைக்குப் பிறகும் தட்டில குவிஞ்சி கிடக்கும். காசு வாங்கிற கையாலேயே வடைய எடுப்பார். தேங்காய்ச் சம்பலுக்கு மூடி இல்ல, ஈதான் காவல். பிளேட்ட ஒரே வாளித் தண்ணியில முக்கி எடுத்து அடுத்த ஆளுக்குக் குடுப்பார். கூட்டம் இரிக்கித்தான். புதுசா வந்த நானும் கூட்டத்தப் பாத்து நம்பினன். பிறகு விசாரிச்சா எல்லாம் சொந்தக்காரர்.

என்ட பொண்டாட்டி நஸ்லினுக்கு வயித்தில ஏழு மாசம். போன கிழமை அங்க திண்டு வயித்தோட்டம் வந்து, ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்தினம். இன்னொருக்கா இப்பிடி வந்தா பிள்ளைக்கும் ஆபத்து எண்டு டொக்டர் ஏசினார். மாமி என்ன சொன்னா தெரியுமா? "கண்ணூறு மகன்."

இண்டைக்கு நஸ்லின் திரும்பவும் வடை கேட்டாள். வயித்துப் பிள்ளக்காரிட ஆசைய மறுக்க ஏலாது. றோட்டுக்கு அங்கால அஸ்கி எண்ட பொடியன்ட வடைக்கடை. கேட்டாத்தான் வடைய எண்ணெய்க்க போடுவான், இடுக்கியால எடுப்பான், காசு வாங்க வேற ஆள், கை கழுவக் குழாய். பஸால் மாமாட கண்ணில படாம, களவெடுக்கப் போறவன் மாதிரிச் சுத்திப் போனன்.

அங்க வாங்குப் பலகையில குந்தி, சூட்டு வடைய ஊதி ஊதித் திண்டுக்கிட்டிரிந்தவர் பஸால் மாமா.

"ஒங்கட கடையில வடை இல்லையா மாமா?"

"எனக்கு அல்சர் மருமகன். பகல் பொரிச்சது ஒத்துக்காது."

எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறிச்சு. "நஸ்லினுக்கு மட்டும் ஒத்துக்குமா?"

மாமா குனிஞ்சிட்டார். பிறகு என்ட வடைக்கும் சேத்து அவரே காசு குடுத்தார். சட்டைப் பைக்க இரிந்து அவர்ட கடைப் பேர் அடிச்ச கடதாசிப் பையை எடுத்து நீட்டினார்.

"இதுக்க போட்டுக் கொண்டு போங்க. ஒங்கட மாமிக்கிட்ட ஒண்டும் கதைக்காதீங்க."

வீட்டில சண்ட வேணாம் எண்டு நானும் வாங்கினன். மடையன்.

நஸ்லின் சுடச்சுடத் திண்டாள். மாமி பையைக் கண்டதும் முகமெல்லாம் பூரிச்சிப் போனா.

"பாத்தீங்களா மகன், என்ட தம்பிட வடையில என்ன குறை? நாளைக்கு நானே போய் வாங்கிட்டு வாறன். சம்பலோட."

"ஓம் உம்மா, சம்பல் கூட வாங்குங்க," எண்டாள் நஸ்லின்.

இனி வாய மூடிக்கிட்டிரிக்க ஏலாது.

"பை மட்டும்தான் மாமி ஒங்கட தம்பிட. வடை அஸ்கிட. ஒங்கட தம்பியும் அங்கதான் திங்கிறார்."

மாமி பையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பிறகு அதுக்க கிடந்த கடைசி வடைய எடுத்து, மகள்ட கையில வெச்சா.