ஒன்பதாம் கேள்வியின் தமிழ்

‘மார்ச் 12, செவ்வாய். ஒரு சிறு பிழை. ஒன்பதாம் கேள்வியில் ஒரு சொல்லைச் சுருக்கிவிட்டேன்.’

சட்டத் தேர்வுப் பிரிவின் தற்காலிக மொழிபெயர்ப்பாளன் இப்படி எழுதிவிட்டு, ‘சிறு’ என்பதை அடிக்கலாமா என்று பேனாவைப் பிடித்தபடி இருந்தான். அடிக்கவில்லை.

கேள்வி இதுதான். ஒருவன் இன்னொருவனை மிரட்டி அவன் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்குகிறான். மிரட்டப்பட்டவன் எதுவும் செய்வதற்குள், மிரட்டியவன் அதைச் சங்கதி தெரியாத மூன்றாமவனுக்கு விற்றுவிடுகிறான். வண்டி யாருக்கு?

ஆங்கில வினாத்தாளில் அது, மிரட்டப்பட்டவன் விரும்பினால் ரத்து செய்யக்கூடிய ஒப்பந்தம். ரத்தாகும்வரை உயிருள்ளது, ஆகவே வண்டி மூன்றாமவனுக்கு. கலைச்சொல் பட்டியல் அதை ‘செல்லாததாக்கத்தக்க’ என்றது. வாயில் நுழையாதது மண்டையில் நுழையாது என்று மொழிபெயர்ப்பு மாலை வகுப்பில் கேட்டுவிட்டு வந்த சூட்டோடு, இவன் ‘செல்லாத ஒப்பந்தம்’ என்று போட்டான். அதுவோ பிறக்கும்போதே செத்தது. வண்டி பழைய சொந்தக்காரனை விட்டு நகராது.

தமிழை மட்டும் பார்த்து மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்க்க ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருந்தார். மிரட்டல் என்று கண்டதுமே, நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் கை சரியான ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டது. மூல ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் அச்சாகப் பொருந்தின. முத்திரை விழுந்தது.

இன்று காலை, வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணொருத்தி மனுவோடு வந்தாள். நாலு மதிப்பெண்ணில் தோல்வி. அதுவே அவளுக்குக் கடைசி வாய்ப்பு. வண்டி பழைய சொந்தக்காரனுக்கே என்று எழுதியதால் ஒன்பதாம் கேள்விக்குப் பத்துக்குச் சைபர்.

“மிரட்டி வாங்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார்,” என்றாள். “ஆனா ஒப்பந்தம் செல்லாதுன்னு கேள்வியே சொல்லுது. கேள்வியைத் திருத்த நான் யாரு?”

அவன் மேலாளரிடம் போய்ப் பிழை தன்னுடையது என்றான். எழுதியும் கொடுத்தான். மேலாளர் அதை இருமுறை படித்தார். ஒத்துக்கொண்டால் தமிழில் எழுதிய நானூறு விடைத்தாளையும் மறுபடி திருத்த வேண்டும் என்றார். பிறகு வினாத்தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினார்: ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.

“இங்கிலீஷ் தெரிஞ்சா அவங்க ஏன் மேடம் தமிழ்ல எழுதப்போறாங்க?”

“நியாயம்தான் தம்பி. ஆனா விதி இருக்கே.”

அவன் கடிதம் கோப்புக்குப் போனது. மனு தள்ளுபடி என்ற பதிலை நல்ல தமிழில் எழுதும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. அவள் ஒருமுறைதான் படித்தாள். மனுவின் நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

‘விரும்பினால் ரத்து செய்யக்கூடிய ஒப்பந்தம்’ என்று எழுதியிருக்கலாம். தெளிவும் கெட்டிருக்காது, சட்டமும் கெட்டிருக்காது. ஒரு வரி நீண்டிருக்கும், அவ்வளவே. நாட்குறிப்பில் இதை எழுதியபின், அன்றைய பக்கத்தின் கடைசியில் குறித்தான்:

‘நாளை: அடுத்த வினாத்தாளில் “ஆங்கில வடிவமே இறுதியானது” என்ற வரியை முதல் பக்கத்துக்கு மாற்றி, தடித்த எழுத்தில் தட்டச்சு செய்து, பதினோரு மணிக்குள் மேலாளரிடம் தர வேண்டும்.’