சிகாபுதீன் வரைந்த அட்டவணை

கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த சிகாபுதீனுக்குத் தலைமைக் குமாஸ்தா ஆகிவிட வேண்டும் என்று ஆசை. அதற்கு ஓர் ஆங்கிலப் பரீட்சை தேற வேண்டும். நாலு வாரத்துக்கு அட்டவணை போட்டார்: முதல் வாரம் ‘எ, ஆன், தி’, அடுத்தது நிகழ்காலம், மூன்றாவது இறந்தகாலம், கடைசியில் எதிர்காலமும் எல்லாம் கலந்த பயிற்சியும். சிவப்பு மையும் பச்சை மையுமாக அத்தனை அழகு. சாயாக்கடைக்காரர்கூட வாங்கிப் பார்த்து மெச்சினார்.

இரண்டாவது வாரப் பாதியில் ஆலுவாவில் ஒரு கல்யாணம் வந்து படிப்பு ஒரு நாள் தவறியது. ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் மனிதருக்குப் பொறுக்குமா? அட்டவணையைக் கிழித்தார், புதிதாக வரைந்தார், மறுபடி ‘எ, ஆன், தி’யிலிருந்து தொடங்கினார். பிறகு மச்சான் விருந்துக்கு வந்தார். அதையும் கிழித்தார்.

“இறந்தகாலத்த எப்பப் படிப்பீங்க?” என்று கேட்டாள் மனைவி சுலைஹா.

“எல்லாத்துக்கும் ஒரு முறையிருக்கு. நீ சாயா கொண்டா.”

பரீட்சையில், போன மாதம் மழையில் நனைந்த மூட்டைகளைப் பற்றி அறிக்கை எழுதச் சொன்னார்கள். அவருடைய ‘எ, ஆன், தி’ ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் அறிக்கை முழுக்க மழை பெய்துகொண்டே இருந்தது, மூட்டைகள் நனைந்துகொண்டே இருந்தன.

அதைப் படித்துப் பார்த்த முதலாளி, “சிகாபுதீனே, ஓடிப்போய் மூட்டைய உள்ள எடுத்து வையும்” என்றார். பதவி வேறொருவருக்குப் போனது.

அடுத்த பரீட்சைக்கு அவர் அளவுகோலைத் தேடியபோது சுலைஹா சொன்னாள்: “இந்தத் தடவ மூணாம் வாரத்துலேருந்து தொடங்குங்க. கிழிச்சாலும் இறந்தகாலமாவது மிச்சமிருக்கும்.”