கை கொடுத்தால் முடிந்தது

முத்துச்செல்வி புருசனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். செத்துப்போன பிச்சையாவின் அக்கா சீனித்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, பூசாரியும் இல்ல, பாதிரியும் இல்ல. யாரு ஆரம்பிக்கது?"

"உக்காந்தாலே ஆரம்பிச்சாச்சு மதினி."

"முடிக்கது?"

"வாசப்பக்கம் இருக்காருல்லா ஷாம் சார், அவரு பக்கத்து ஆளுக்குக் கை கொடுப்பாரு. எல்லாரும் கை கொடுத்துக்கிட்டா முடிஞ்சிது. அதுவரைக்கும் வாயத் தொறக்காதிய. உள்ளேருந்து ஒண்ணு வந்து உக்கார விடாமத் தள்ளுனா மட்டும் எந்திரிச்சுச் சொல்லுங்க."

"நமக்கு எப்பவும் தள்ளிக்கிட்டுத்தானளா இருக்கு?"

நியாயமான சந்தேகம். பிச்சையாவுக்கே வீட்டில் வாய் மூடாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஞாயிறு காலை மட்டும் ஜெஸ்மி டீச்சர் வீட்டு மாடியில் பாதிரி இல்லாமல் மௌனமாகவே ஜெபிக்கிற குவேக்கர் சபைக்காரர்கள் ஷாம் சார் உள்பட ஏழெட்டுப் பேரோடு, உள்ளொளி பேசட்டும் என்று ஊமையாக உட்கார்ந்திருப்பார். வந்ததும் அந்தப் பாக்கியையும் சேர்த்து முத்துச்செல்வியிடம் பேசித் தீர்ப்பார்.

"ஒருநா வாயேன்" என்பார்.

"பேசாம இருக்கதுக்கு பஸ் ஏறணுமாக்கும்" என்பாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது அதுதான். "கொட்டு வேண்டாம், ஒப்பாரி வேண்டாம். எங்கூட ஒரு மணி நேரம் சும்மா இரி." சரி என்று சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்தார்கள். யாரோ இருமினார்கள். யாருடைய போனிலோ முருகன் பாட்டு பாடி, பதறி அடங்கியது. ரொம்ப நேரம் கழித்து ஜெஸ்மி எழுந்தார். "மௌனத்துலயும் ஒரு மனுசன் சிரிக்கலாம்னு பிச்சையாகிட்டதான் பாத்தேன்." உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா, எந்தம்பி சின்னதுலயே..." சீனித்தாய் ஆரம்பிக்க, முத்துச்செல்வி அவள் தொடையைக் கிள்ளினாள். ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்லக் கூடாது. அது அப்படியே எல்லாருக்குள்ளும் இறங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

மெல்ல மெல்ல வளையல் சத்தம்கூட அடங்கியது. முத்துச்செல்விக்கு முதலில் பால்காரன் ஞாபகம் வந்தது, அப்புறம் கேஸ் சிலிண்டர். அவை போன பிறகு, உள்ளேயிருந்து வேறொன்று வந்து தள்ளியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள்.

அப்போதுதான் திருச்செந்தூரிலிருந்து பிச்சையாவின் சித்தப்பா மகன் சுடலைக்கண்ணன் வந்து சேர்ந்தான். துட்டி வீட்டில் நுழைகிறவன் என்ன செய்வான்? வாசலில் இருந்த ஆளிடம் துக்கமாக இரண்டு கையையும் நீட்டினான். கண்ணை மூடியிருந்த ஷாம் திடுக்கிட்டு அதைப் பிடித்துக்கொண்டார்.

மொத்தச் சொந்தமும் பார்த்துவிட்டது.

"முடிஞ்சிட்டு!"

நாற்காலிகள் இரைந்தன. சீனித்தாய் ஜெஸ்மிக்குக் கை கொடுத்தாள், ஐஸ் பெட்டிக்காரப் பையனுக்கும் கொடுத்தாள். "காப்பி வந்தாச்சால?" என்றது ஒரு குரல். ஷாம் கூட்டத்துக்கு நடுவில் கையை ஆட்டி மறுத்தார். அந்தக் கையையும் ஒருவர் பிடித்துக் குலுக்கினார்.

"ஏலே, உக்காருங்கல!"

முத்துச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். "அவிய ஒரு மணி நேரம் கேட்டாவ. இன்னும் ஆகல."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். "நா என்னத்தச் செஞ்சேன் மதினி?" என்று முனகியபடி சுடலைக்கண்ணனும் உட்கார்ந்தான்.

அவள் சொல்ல எழுந்தது என்னவோ, அது போன இடம் தெரியவில்லை. ஷாம் மட்டும், சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

முத்துச்செல்வி நாற்காலியைப் பெட்டியின் பக்கம் இழுத்தாள். நீளமாகக் கிறீச்சிட்டது. ஒருவரும் கண் திறக்கவில்லை. பெட்டிக் கண்ணாடியில் பிச்சையாவின் முகத்துக்கு நேரே ஈரம் படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தாள்.