கப்பலாகிப் போன உத்திரம்

கார்த்தேஜ்காரர்களான நாங்கள் முதல் போரில் ரோமானியரிடம் சிசிலித் தீவை இழந்தோம். இரண்டாவதன் முடிவில் பத்தே பத்துப் போர்க்கப்பலை விட்டுவைத்தார்கள். அவர்களைக் கேட்காமல் யாரோடும் சண்டை போடக் கூடாதாம். கொள்ளையடிக்க வந்த பக்கத்து நாட்டு நுமிடியரைத் திருப்பி அடித்ததற்குத்தான் இந்த மூன்றாவது போர். ரோமானியர்கள் பிள்ளைகளைப் பிணையாகக் கேட்டார்கள்; என் மகன் கெர்சக்கோனைக் கொடுத்தேன். ஆயுதங்களைக் கேட்டார்கள்; கொடுத்தோம். அப்புறம்தான், கடலை விட்டுப் பத்து மைல் தள்ளிக் குடியேறுங்கள் என்றார்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களிடம் சொல்கிற பேச்சா இது?

மறுத்ததும் நகரத்தை முற்றுகையிட்டார்கள். முற்றுகையின் மூன்றாம் வருடம் துறைமுக வாயைக் கல் கொட்டி அடைத்தார்கள். நாங்கள் கிழக்கே ரகசியமாகப் புது வாய் தோண்டினோம். வீடுகளைப் பிரித்து எடுத்த மரத்தில் ஐம்பது கப்பல் கட்டினோம். மகனின் தொட்டில் தொங்கிய உத்திரம், என் கணவர் போதஷ்தார்த் ஓட்டிய கப்பலுக்குப் போனது.

வெளியே வந்த அன்று ரோமானியக் கப்பல்களில் ஆளே இல்லை. எல்லோரும் மதிலை இடிக்கப் போயிருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்!

"அடிச்சீங்களா?" என்றேன்.

"அவனுங்க மூஞ்சியப் பாக்கணுமே!" என்று கணவர் சிரித்தார்.

"மூஞ்சியப் பாக்கவா என் வீட்டப் பிரிச்சீங்க?"

"புதுக் கப்பல்டி, ஓட்டிப் பாக்க வேணாமா? நாளன்னிக்குப் பாரு."

நாளன்றைக்கு ரோமானியர்கள் தயாராக இருந்தார்கள். சாயங்காலம்வரை சமமாகத்தான் நடந்தது. திரும்பும்போது சின்னப் படகுகள் முண்டியடித்துப் புது வாயை அடைத்துக்கொண்டன. பெரிய கப்பல்கள் வெளியே ரோமானியர்களிடம் மாட்டிக்கொண்டன.

மறுநாள் அலை ஒரு மரத்தைக் கரையில் தள்ளியது. தொட்டில் கயிறு தேய்த்த பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து போனதில் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.