பின்பக்கத்துப் புள்ளிகள்

வேதியியல் மிஸ் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அகராதியில் வேறு அர்த்தம் இருக்கலாம். அவள் விஷயத்தில் அது, யார் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டும் என்பதுதான். இந்த முறை அவளுடைய பாடத்தைப் பார்க்க மேலிடத்து ஆய்வாளர் வருகிறார், அவர் நல்ல வார்த்தை எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு யாருக்கோ அந்த மேசை.

அக்கா போனில் ஒரே பல்லவியைப் பாடினாள். வாயை மூடிக்கொண்டு வேலையைக் காப்பாற்றிக்கொள், நியாயம் பேசுவதற்கு அப்புறம் ஆயுசு கிடக்கிறது என்றாள். அக்கா சொல்வது பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல்.

பாடம், தனிம அட்டவணையில் அணுவின் பருமனும் வினைபுரியும் வேகமும். கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று அவள் அட்டைகள் செய்திருந்தாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு தனிமத்தின் பெயர், எத்தனை எலக்ட்ரான் கூடுகள், வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான். பிள்ளைகள் மேசையில் பரப்பி, சண்டை போட்டு, அடுக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். சண்டை போடுவதில்தான் பாடமே இருக்கிறது என்பது அவள் கட்சி.

துணைத் தலைமையாசிரியருக்கு இந்தக் கட்சி பிடிக்கவில்லை. வரலாற்றுக்காரர், எந்நேரமும் மணிக்கட்டையே பார்ப்பதால் பிள்ளைகள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியில் ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் ஒத்திகை நடப்பது எழுதாத சட்டம். ஒத்திகை பார்க்க வந்த கடிகாரம், சண்டையைப் பார்த்து மிரண்டுபோனார். அட்டைக்குப் பின்னால் பென்சிலால் புள்ளி வைத்துவிடுங்கள் என்றார். சிறிய அணுவுக்கு ஒரு புள்ளி, அதைவிடப் பெரியதற்கு இரண்டு, இப்படியே நாலு வரை, பிள்ளைகள் அதைப் பார்த்து அடுக்கிவிடட்டும்.

அவள் வைத்தாள். கை கூசியது, ஆனாலும் வைத்தாள். லித்தியத்துக்கு ஒன்று, சோடியத்துக்கு இரண்டு, பொட்டாசியத்துக்கு மூன்று, ருபீடியத்துக்கு நாலு. அதே மாதிரி ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். கீழே இறங்க இறங்கக் கூடு கூடும், அணு பருக்கும். பருமனைப் பொறுத்தவரை அத்தனை புள்ளியும் சரி.

அடுத்தது வினைபுரியும் வேகம். இதற்கும் புள்ளி உண்டா என்று கடிகாரம் கேட்டார். உலோகங்களுக்கு அதே புள்ளிகள் போதும் என்றாள். லித்தியத்தைவிடப் பொட்டாசியம் தண்ணீரில் ஆவேசமாகப் பாயும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் அதையே வைத்து முடியுங்கள், மணி அடிக்கப் போகிறது என்று வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

அவசரத்தில் எல்லா மேசையும் அடுக்கின. ஒரு மேசையில் வக்கீல் என்று கேலிப்பெயர் வாங்கிய பெண் மட்டும் எதையோ முனகிக்கொண்டிருந்தாள். மிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

மறுநாள் ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வழுக்கைத் தலை, அமைதியான கண். ஒரு காலத்தில் அவரும் வேதியியல் வாத்தியார். பக்கத்தில் கடிகாரம். கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். மிஸ்ஸுக்கு மூச்சு விடவே இடம் போதாத மாதிரி இருந்தது.

முதல் சுற்று அழகாகப் போனது. சோடியத்திலிருந்து குளோரின் வரை வரிசையில் வலப்பக்கம் போகப் போக அணு ஏன் சுருங்குகிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். கூடு அதேதான், அணுக்கருவில் புரோட்டான் கூடுகிறது, அதனால் எலக்ட்ரான்களை உள்ளே இழுக்கிறது. அது புள்ளி இல்லாமல் முந்தின வாரமே முறையாகப் படித்தது. உலோகங்களின் வேகமும் சரியாக வந்தது.

பிறகு ஃபுளூரின் முதல் அயோடின் வரையிலான ஹாலஜன்கள். எட்டு மேசைகளிலும் கண்மூடித் திறப்பதற்குள் அட்டைகள் விழுந்தன. அதிக வேகம் அயோடின், குறைந்த வேகம் ஃபுளூரின். எட்டு மேசையிலும் தலைகீழ்.

 ஒத்திகையில் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று மிஸ்ஸுக்கு அந்த நொடியில்தான் புரிந்தது.

ஆய்வாளர் எழுந்து மேசை மேசையாக நடந்தார். "தப்பு பண்றதுன்னா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி பண்ணுவாங்க," என்றார். "இங்க எல்லாரும் ஒரே மாதிரி பண்ணியிருக்காங்களே." ஓர் அட்டையை எடுத்துத் திருப்பினார். புள்ளியைப் பார்த்தார். கடிகாரம் ஜன்னலைப் பார்த்தார்.

புள்ளி வைக்கச் சொன்னது யார் என்று சொன்னால் கடிகாரத்தின் பகை. சொல்லாவிட்டால் தப்பாகப் பாடம் நடத்தியவள் என்ற பேர். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பாடம். "எல்லாரும் அட்டையைத் திருப்பி வைங்க," என்றாள். "ரப்பர் எடுத்துப் புள்ளியை அழிச்சிடுங்க. இப்ப சொல்லுங்க. உலோகம் வினைபுரியும்போது எலக்ட்ரானைக் குடுக்குமா, வாங்குமா?"

குடுக்கும் என்றார்கள். ஹாலஜன்? வாங்கும். அப்படியானால் பெரிய அணு சுலபமாக வாங்குமா, சின்ன அணுவா என்று கேட்டு விட்டுவிட்டாள். வகுப்பு ரெண்டுபட்டது. குடுக்கிறவனுக்கு வெளி எலக்ட்ரான் தூரத்தில் இருந்தால் சுலபம், பிடி தளர்ந்திருக்கும் என்று ஒரு மேசை கத்தியது. வாங்குகிறவனுக்கு அணுக்கரு கிட்டத்தில் இருக்கணும், அப்பதான் இழுக்கும் என்று இன்னொரு மேசை. ஆறு மேசைகளில் ஃபுளூரின் மேலே ஏறியது. இரண்டு மேசை கடைசி வரை அடம்பிடித்தது. மணி அடித்தது.

ஆய்வாளர் அவளிடம் வந்து கை கூப்பினார். பெரிய அணு என்றாலே அதிக வேகம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அந்தக் குழிக்குள் வேண்டுமென்றே தள்ளி, பிறகு அவர்களையே ஏறி வர வைத்தீர்களே என்றார். இருபது வருடத்தில் இப்படி ஒரு திட்டத்தைப் பார்த்ததில்லை என்றார். "புள்ளி உங்க யோசனைதானே?"

கடிகாரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் குரல் காதில் கேட்டது.

"ஆமா சார்," என்றாள்.

அடுத்த வாரம் நிரந்தர ஆணை வந்தது. கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது: மற்றப் பள்ளி ஆசிரியர்கள் முன்னால் அதே பாடத்தை, அதே புள்ளிகளோடு நடத்திக் காட்ட வேண்டும். கடிகாரம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நாம இரண்டு பேரும் சேர்ந்து செய்தது என்றார். அவரோடு ஒரே கயிற்றில் கட்டுண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷம்தான் வரவில்லை.

வகுப்பில் அட்டைகளை மறுபடி கொடுத்து, புள்ளி வைக்கச் சொன்னாள். பிள்ளைகள் வைத்தார்கள். வக்கீல் வைக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"மிஸ், இந்தக் குழியை நீங்க வேணும்னே வெட்டினீங்கன்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருக்காங்க. ஒத்திகையில நான் ஃபுளூரினை மேலதான் வெச்சேன். நீங்கதான், யோசிக்காத, புள்ளியைப் பாத்து வைன்னு சொன்னீங்க."

மிஸ்ஸுக்கு முகம் எரிந்தது. சொன்னது நினைவு வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் சொன்னாளே, அதுதான்.

"நீ வெச்சதுதான் சரி," என்றாள். குரல் தணிந்துவிட்டது.

"அப்ப இதை அந்த ஆசிரியர்கள் முன்னால சொல்லுவீங்களா?"

வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது. கைப்பையில் ஆணைக் கடிதம் இருந்தது. வாசலில் கடிகாரம் நின்று மணிக்கட்டைத் தட்டினார்.

"உட்காரு," என்றாள் மிஸ். "புள்ளியைப் பாத்து வை."

வக்கீல் உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்து, மற்றவர்களைப் போலவே ஃபுளூரினுக்கு ஒரு புள்ளி வைத்தாள்.