எட்டு டிகிரிக்கு மேல்

பயத்தில் பல தினுசு உண்டு, கண்ணுகளா. இந்தப் பெண்ணுக்கு அன்று வந்தது வாய் உலர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் பயம்.

அவளும் அவள் தங்கையும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார்கள். தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜுக்குள் அவர்களுடைய கருவி உட்கார்ந்திருக்கும். சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் நர்ஸின் போனுக்குச் செய்தி அனுப்பும். சில கிளினிக்குகளில் சோதனைக்கு வைத்திருந்தார்கள். புதிதாக யாரும் முதலீடு செய்யாவிட்டால் மாதக் கடைசியில் கம்பெனியை மூடவேண்டியதுதான்.

முதலீட்டாளர் ஒருவர் அன்று ஒரு மாடிக் கட்டடத்துக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளை அவருக்குத் தெரியாது. லிஃப்டில் அவரோடு ஏறினால், மேலே போய்ச் சேர்வதற்குள் அரை நிமிஷம் கிடைக்கும். அதற்குள் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தாள். ஒரு வார்த்தையை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும், அப்படி ஒரு மனப்பாடம்.

அன்று காலையில்தான் தங்கை ஒரு கிளினிக்கிலிருந்து போன் செய்தாள். ராத்திரி அங்கே கரண்ட் போயிருக்கிறது. செய்தி வரவில்லை. நர்ஸ் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருந்த தெர்மாமீட்டர் பன்னிரண்டு காட்டியதாம். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது என்னைக் குழப்பாதே என்று அக்காக்காரி போனை வைத்துவிட்டாள்.

அவர் லிஃப்டுக்குள் நுழைந்தார். இவளும் நுழைந்தாள். கதவு மூடியது.

"சார், ஒரு அரை நிமிஷம். தடுப்பூசி சூடாயிட்டா பாக்க ஒண்ணும் தெரியாது, ஆனா வேலை செய்யாது. குழந்தைக்கு ஊசி போட்டாச்சுன்னு அம்மா நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. எங்க கருவி சூடு ஏறின உடனே நர்ஸுக்குச் சொல்லிடும். சோதனையில இதுவரைக்கும் ஒரு தடவகூடத் தவறல."

வாய் தானாகச் சொல்லி முடித்துவிட்டது. அந்த வரி காதில் விழுந்ததும் அவளுக்குக் காலையில் தங்கை சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த வரி வரவில்லை. மாடி எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "கரண்ட் போனா?"

"கருவியில பேட்டரி இருக்கு சார்."

"செய்தி எது வழியாப் போகுது?"

"கிளினிக் வைஃபை..."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கருவிக்கு பேட்டரி வைத்தார்கள், பார்த்துப் பார்த்து வைத்தார்கள். வைஃபை பெட்டிக்கு யார் வைத்தது? முன்னால் சோதித்த இடங்களிலெல்லாம் ஜெனரேட்டர் இருந்தது. எந்த நேரத்தில் அது கத்தவேண்டுமோ, அதே நேரத்தில் ஊமையாகிவிடுகிற கருவியை அல்லவா இத்தனை நாள் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள்.

"நான் சொன்னது பொய் சார். நேத்து ராத்திரி தவறிடுச்சு."

லிஃப்ட் நின்று கதவு திறந்தது. அவர் வெளியே கால் வைத்தவர், மற்றொரு காலைக் கதவில் கொடுத்து நின்றார்.

"அந்த மருந்து இப்ப எங்கம்மா இருக்கு? யாருக்காவது போட்டாங்களா?"

தெரியாது. காலையிலிருந்து அவள் அதைக் கேட்கவே இல்லை. கம்பெனி போய்விடுமே என்றுதான் பயந்திருந்தாள். இப்போது வந்த பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

கிளினிக்குக்குப் போன் போட்டாள். நர்ஸ், கொஞ்சம் இருங்க, பாத்துட்டு வரேன் என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஊசி போட்ட அழுகையா, போடப்போகிறார்கள் என்ற அழுகையா? கதவு மூடப் பார்ப்பதும் அவர் காலில் இடித்துத் திரும்புவதுமாக இருந்தது.

"யாருக்கும் போடல," என்றது போன். "ஆனா குழந்தைங்க வந்து உக்காந்திருக்காங்க. உங்க தங்கச்சி அழுவுறாளே தவிர ஒரு வார்த்தை சொல்லமாட்டேங்கிறா. நான் என்னதான் பண்றது?"

"எதையும் போடாதீங்க சிஸ்டர், தூக்கியும் எறியாதீங்க. 'போடக்கூடாது'ன்னு சீட்டு ஒட்டி, குளிர்லயே தனியா வைங்க. மருந்து அனுப்பினவங்கள இப்பவே கூப்பிடுங்க, முடிவு அவங்க சொல்லட்டும். எத்தன நேரம் சூடா இருந்துச்சுன்னு கருவிக்குள்ள பதிவு இருக்கும், நான் வந்து எடுத்துத் தரேன்."

போனை வைத்தாள்.

"எல்லாம் சொன்னீங்க," என்றார் அவர். "எங்கிட்ட என்ன வேணும்னு சொல்லலையே."

அதுதான் மனப்பாடத்தின் கடைசி வரி. உங்களைப் பார்த்துப் பேச ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்கவேண்டும். கண்ணாடி முன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுப் பழகியது.

"காலை எடுங்க சார். நான் கீழ போகணும்."

அவர் எடுத்தார். கதவு மூடும்போது, சரிபண்ணிட்டு வாங்க என்று ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. நிஜமாகத்தான் கூப்பிட்டாரோ, வாய்வார்த்தைக்குச் சொன்னாரோ. நின்று கேட்க அவளுக்கு நேரமில்லை. தங்கையின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.