இருபத்திரண்டாம் பந்தி

அன்றைக்குப் பின்னேரம் ஆடு கறண்ட் பில்லைத் தின்றுவிட்டது. பாதியை அதன் வாயிலிருந்து இழுத்தெடுத்துக்கொண்டு பத்மாசினி முற்றத்துக்கு ஓடிவந்தாள். வலையைத் தோளில் போட்டபடி நின்ற புருசன் அருட்செல்வன் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தான்.

"கட்டவேண்டிய திகதியைத்தான் திண்டிருக்கு. அப்ப அதையே கட்டச் சொல்லு."

"உங்களுக்குப் பகிடி. நாளைக்குக் கறண்டை வெட்டவந்தா நான்தானே நிண்டு கதைக்கவேணும்."

"ஆட்டைக் காட்டு," என்று சிரித்துக்கொண்டே கடற்கரைப் பக்கம் இறங்கினான். அவன் அவளோடு கதைத்த கடைசிக் கதை அதுதான்.

மறுநாள் விடிய ஆறுமணிக்கு அவனுடைய உடலோடு வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். கடல் பெருகியிருந்த நேரம், மெல்லிய பனிப்புகார். வழமையாக ஓடுகிற வாய்க்காலில் வழமையான வேகத்தில் வந்திருக்கிறான். தண்ணீருக்குள் மறைந்து நின்ற இரும்புக் குழாயில் வள்ளம் ஏறி, அவன் முன்பக்கமாக எறியுண்டு, தலை அடுத்த குழாயில் அடிபட்டிருந்தது. திடீர் மரண விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள்.

அந்தக் குழாய்கள் கடலட்டைப் பண்ணையின் வேலிக் குழாய்கள். களப்புக்குள் குழாய் நட்டு, வலை கட்டி, உள்ளே அட்டைக்குஞ்சு விட்டு வளர்ப்பார்கள். கொழும்பில் இருக்கிற அதிகாரசபை ஒன்று இரண்டு வருசத்துக்கு ஒருதரம் அனுமதி கொடுக்கும். முதல் அனுமதி வந்தபோதே ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம் அனுமதியை நீக்கக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுப் போட்டது. பண்ணைக்கும் வாய்க்காலுக்கும் இடையில் வள்ளம் போக அறுபது மீற்றர் விட்டிருக்கிறது, அனுமதி சட்டப்படிதான் என்று நீதிமன்றம் விசாரித்துத் தள்ளுபடி செய்தது. அது 2022இல். இரண்டு வருசம் கழிய, மாசி மாதம் அனுமதியைப் புதுப்பித்தபோது கிழக்கு மூலைகள் இரண்டு வாய்க்காலுக்குள் நகர்ந்திருந்தன. ஊரில் ஒருவருக்கும் அந்தக் கடதாசியைக் காட்டவில்லை. சித்திரையில் அருட்செல்வன் போனான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மகன் நிருஷன் என்ஜினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. தகப்பனின் தொழிலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"அந்த வாய்க்காலாலை போகாதை, தம்பி," என்றாள் பத்மாசினி.

"வேறை எதாலை போறது? சுத்திப் போனா ஒண்டரை மணித்தியாலம் கூட. மண்ணெண்ணைக் காசுக்குத்தான் மீன் பிடிக்கவேணும்."

அன்றைக்கே அவள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். அந்தக் குழாய்களைக் கழற்றவேணும். அதைவிட அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

போகமுன் சங்கத்துச் செயலாளர் செபமாலை படலையில் மறித்தார்.

"தங்கச்சி, வழக்குப் போடப் போறியோ? போடு. ஆனா சங்கம் போட்ட பழைய வழக்கைப் பற்றி வாய் திறந்திடாதை."

"ஏனண்ணை?"

"ஒருக்கா தீர்த்த வழக்கை ரண்டாந்தரம் எடுக்கமாட்டாங்கள். எங்களுக்குச் சொன்னவங்கள். சொன்னியெண்டா வாசலிலையே திருப்பி விட்டிடுவாங்கள். உன்ரை பேரிலை முதல் வழக்கு எண்டு போனாத்தான் உள்ளுக்கு விடுவினம்."

சங்கத்து மனுவில் பதின்மூன்று பேர் மனுதாரர்கள். ஒன்பதாவது அருட்செல்வன். அதற்குக் கையெழுத்து வைக்கப் போன நாளில் அவன் போட்ட சேர்ட்டை அவள்தான் அயன் பண்ணிக் கொடுத்தாள்.

சட்டத்தரணி சுபாஜினி அச்சுவேலிப் பிள்ளை. நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு மாடிக் கட்டடத்தில் அறையெடுத்து இரண்டு வருசமாகவில்லை. சங்கத்து வழக்கை அப்போது கொழும்புச் சட்டத்தரணிகள் நேரடியாக நடத்தியதால் அவளுக்கு அதைப்பற்றித் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிட்டு, பேனையை வைத்துக் கேட்டாள்:

"அம்மா, இதே பண்ணை விசயமாய் முந்தி ஆரும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனவையோ?"

"இல்லை, பிள்ளை."

"நீங்கள் எண்டில்லை. சங்கம், அயலட்டை, ஆரும்?"

"ஒருத்தரும் போகேல்லை."

ஒரு கிழமைக்குப் பிறகு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியைப் பந்தி பந்தியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். அருட்செல்வன் இறந்தது பதின்மூன்றாம் பந்தி. அதிலே அவள் அழவில்லை. இருபத்திரண்டாம் பந்தியில், இதே விடயம் தொடர்பாக இம்மன்றின் நியாயாதிக்கம் இதற்கு முன்னர் கோரப்படவில்லை, அதாவது முந்தி ஒரு வழக்கும் இல்லை, என்று இருந்தது. நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்கிறவர்களைப் பற்றி அருட்செல்வன் நக்கலடிப்பது ஞாபகம் வந்தது. நிருஷனின் கழுத்தும் ஞாபகம் வந்தது. தகப்பனுக்கு இருந்ததைப்போலவே வெயிலில் கறுத்த கழுத்து. கையெழுத்து வைத்தாள்.

மனு ஆனியில் பதிவாயிற்று. திகதிகள் தள்ளித்தள்ளிப் போய், தை மாதம் கொழும்பில் எடுத்தார்கள். இரவு பஸ்ஸில் போய், சுபாஜினியின் சிநேகிதி வீட்டில் முகம் கழுவிக்கொண்டு நீதிமன்றம் இருக்கிற புதுக்கடைக்கு வந்தார்கள். எதிராளிகளுக்கு அறிவித்தல் அனுப்புவதற்கு முதல், மனுவில் விசாரிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற நாள் அது. இரண்டு நீதியரசர்கள். கதையெல்லாம் இங்கிலீசில். பத்மாசினி பக்கத்து மூத்த சட்டத்தரணி எழும்பி வரைபடத்தைக் காட்டினார். நீதியரசர்களில் ஒருவர் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார், விரலால் வாய்க்காலைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"என்ன சொல்லினம்?"

"மூலை நகர்ந்ததைப் பற்றிக் கேக்கினம். நல்லாப் போகுது, அம்மா."

பத்மாசினி அப்போதுதான் கதிரையில் சாய்ந்தாள்.

பிறகு, மனுவின் பிரதி கிடைத்து வந்திருந்த பண்ணைக் கம்பனியின் சட்டத்தரணி எழும்பினார். ஒரு கட்டுக் கடதாசியை மேலே கொடுத்தார், ஒரு பிரதியை இந்தப் பக்கம் நீட்டினார். அதிகம் பேசவில்லை. மூத்த சட்டத்தரணி திரும்பிச் சுபாஜினியைப் பார்த்தார். சுபாஜினி திரும்பினாள். அவளுடைய கையில் சங்கத்து மனுவின் முதல் பக்கம் இருந்தது.

"ஒன்பதாவது மனுதாரர். விலாசமும் உங்கடை விலாசம். இது உங்கடை அவரோ?"

"ஓம்."

"உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம், பிள்ளை."

சுபாஜினி மூத்தவரிடம் போய்க் காதுக்குள் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அதை நீதிமன்றத்துக்குச் சொன்னார்.

கட்டளை மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. மூன்றே மூன்று பக்கம். சுபாஜினி தன் அறையில் இருத்தி வைத்துத் தமிழில் சொன்னாள்.

"சங்கத்து வழக்கு முடிவு சங்கத்து ஆக்களையும் கட்டும் எண்டு சொல்லியிருக்கினம். முதல் அனுமதியைப் பற்றி இனி ஒருத்தரும் கேக்கேலாது. அண்டைக்குக் கேட்டிருக்கக்கூடியதைக் கேக்காமல் விட்டிருந்தாலும், அதையும் இனிக் கேக்கேலாது."

"செபமாலையண்ணை அதைத்தானே சொன்னவர்."

"பொறுங்கோ. இரண்டாவது அனுமதி வேறை முடிவு. திகதி வேறை, எல்லை வேறை. சங்கத்து வழக்கு தீரேக்கை அந்த மூலைகள் வாய்க்காலுக்குள்ளை இல்லை. அப்ப இல்லாததை எந்த நீதிமன்றம் தீர்த்திருக்கும்? பழைய தீர்ப்பு இதுக்குத் தடையோ இல்லையோ எண்டதை முழுசாய் விசாரிச்சுத்தான் சொல்லவேண்டியிருக்கும் எண்டு எழுதியிருக்கினம். ஆனா அதுக்குள்ளை அவையள் போகேல்லை. முந்தி வழக்கு இருந்தா மனுவிலை அதைச் சொல்லவேணும், அதுதான் விதி. பொய்யாய்ச் சத்தியம் பண்ணி வந்தவைக்கு எழுத்தாணை கேக்க உரிமையில்லை எண்டு தள்ளுபடி செய்திருக்கினம்."

பத்மாசினி அந்த மூன்று பக்கத்தையும் பார்த்தாள். அவளுக்கு விளங்காத எழுத்து.

"அப்ப நான் உள்ளதைச் சொல்லியிருந்தா?"

சுபாஜினி கட்டளையை மடித்து வைத்தாள். "சொல்லியிருந்தா அறிவித்தல் போயிருக்கும் எண்டுதான் நினைக்கிறன். பழைய வழக்கை நாங்களே முதலாவதாய்க் காட்டியிருப்பம். பாருங்கோ, அப்ப எல்லை இது, இப்ப இது எண்டு. உங்களுக்கு அது தடையில்லை, அம்மா. அதுதான் உங்கடை சாட்சி."

வீதியில் ஒரு ஓட்டோ விடாமல் ஹோர்ன் அடித்தது. அது நின்றதும் பத்மாசினி சொன்னாள்:

"இன்னொண்டு போடுவம். இந்தமுறை எல்லாத்தையும் சொல்லி."

"வழக்கின்ரை நியாயத்தைத் தீர்க்கேல்லை, அதாலை சட்டப்படி கதவு பூட்டினது எண்டு சொல்லேலாது. ஆனா அதே அனுமதி, அதே ஆள், ஒருக்காப் பொய் சொன்னவ, ஒரு வருசமும் பிந்திப் போச்சு. இது நீதிமன்றம் விரும்பினாக் குடுக்கிறது, விரும்பாட்டி விடுறது. நான் போட்டா முதல் நிமிசத்திலையே தள்ளுவினம். உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய ஆறு கிழமை இருக்கு. மூத்தவரைக் கேட்டனான். பிழை எங்கடை பக்கம் இருக்கேக்கை அங்கை போய் என்ன சொல்லுறது எண்டு கேட்டவர்."

"வேறை ஆரும் போட்டா?"

"போடலாம். ரண்டு வழக்கையும் சொல்லி, ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தனீங்கள் எண்டதுக்கும் மறுமொழி வைச்சு. அதுக்கும் ஆரும் துணியவேணும்." பிறகு, "என்ரை பேரும் அந்தக் கடதாசியிலை இருக்கு, அம்மா. நான் உங்களிட்டை ரண்டுதரம் கேட்டனான்," என்றாள்.

"ஓம், பிள்ளை. ரண்டுதரம் கேட்டனீர்."

அவள் ஊருக்கு வந்து, வீட்டுக்குள் போகாமலே படலை படலையாக ஏறினாள். சங்கத்து மனுவின் மிச்சப் பன்னிரண்டு மனுதாரர்களில் ஒன்பது பேர் ஊரில் இருந்தார்கள். ஒருவருக்கு மருமகன் பண்ணையில் வேலை. ஒருவருக்குக் கண் சத்திரசிகிச்சை. ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று, "உன்ரை பொய்யாலை எங்களையும் கள்ளரெண்டு சொல்லுவாங்கள்," என்றார். மற்றவர்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை.

கடைசியாகச் செபமாலை வீடு. அவர் வலை பின்னிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பவில்லை.

"நான் சொன்னதுதான் பிழை, தங்கச்சி. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"நீங்கள் சொன்னீங்கள். கையெழுத்து வைச்சது நானண்ணை."

"நான் வைக்கட்டோ இப்ப? நான் செயலாளர். வைக்கிறன்."

"உங்களை முதலிலை கேப்பாங்கள், இவவுக்குப் பொய் சொல்லிக் குடுத்தது ஆரெண்டு."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு அதைத் தேடி எடுக்க அவருக்கு வெகுநேரம் சென்றது.

அந்த அனுமதி அடுத்த வருசம் மாசியில் முடியும். திரும்பப் புதுப்பித்தால் அது இன்னொரு முடிவு. அதைக் கேட்கலாம், இரண்டு வழக்கையும் முதல் பந்தியிலேயே எழுதிவிட்டு. சுபாஜினி அதைக் கடதாசியில் எழுதியே கொடுத்திருந்தாள். பத்மாசினி நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தாள். கடலுக்குப் போகிற நாட்கள் முந்நூற்றுச் சொச்சம் வந்தது. அத்தனை நாளும் பின்னேரம் நிருஷன் இறங்குவான். அத்தனை நாளும் விடிய அவள் கரையில் நிற்பாள்.

மறுநாள் பின்னேரம் அவள் மகனுக்கு முன்னால் போய் வள்ளத்தில் ஏறி இருந்தாள்.

"இறங்கணை, அம்மா. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். அந்த இடம் மட்டும் வாறன். எந்தக் குழாயெண்டு நான் பாக்கவேணும்."

அவன் என்ஜினை மெதுவாக விட்டான். கடல் வற்றியிருந்தது. குழாய்கள் முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்றன, ஒரே வரிசையில், வாய்க்காலுக்குக் குறுக்கே. கிழக்கு மூலையில் அவன் என்ஜினை நிற்பாட்டினான். மூலையிலிருந்து மூன்றாவது குழாயின் தலைப்பில், அருட்செல்வனுடைய வள்ளத்து நீலப் பெயின்ற் ஒரு விரலகலத்துக்கு இன்னும் ஒட்டியிருந்தது.